அழைப்பில் ஒலித்த மூன்றாம் குரல்

தாம்பரத்தில் என் வகுப்பு மாணவி மூன்று நாள்களாக வரவில்லை. அவள் தாயை அழைத்தேன். அவர் காரணம் சொல்லத் தொடங்கியதும், பிறகு குறிப்பெடுக்கலாமென்று பதிவுப் பொத்தானைத் தொட்டேன். அழைப்பு பதிவாகிறது என்ற குரல் இருவர் காதிலும் ஒலித்தது. "எதுக்கு டீச்சர் ரெக்கார்டு பண்றீங்க?" என்றவர் இணைப்பைத் துண்டித்தார்.

அந்தக் குரலை ஒலிக்கச் செய்வது தொலைபேசி நிறுவனம் அன்று. என் கைபேசியிலுள்ள கூகுளின் அழைப்புச் செயலி. பிற செயலிகள் அணுகல்தன்மை வசதி வழியாக அழைப்புகளைப் பதிவதையும் 2022 மே மாதம் கூகுள் தடுத்தது. ஆனாலும் குரல் கேட்காததால் பதிவில்லை என்று நம்ப முடியாது. ஒலிபெருக்கியில் பேசினால் அருகில் இன்னொரு கைபேசி போதும். அறிவிப்பு தகவல்தான், அனுமதி கேட்பதாகாது. நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் வீட்டுக்குச் சென்று, அவர் கண்முன்னே பதிவை அழித்தேன். பிறகு அவர் சொன்னதை, அவர் அனுமதியுடன், நோட்டில் எழுதிக்கொண்டேன்.