மதகைத் தண்ணீர் எங்கே தள்ளுகிறது?

தேர்வுக்கு முன் நடக்கும் திருப்புதல் வகுப்பு. திரவ நிலையியல் என்றாலே கலங்கிப்போகும் முதலாண்டு பொறியியல் மாணவர்களுக்கு அதை நடத்த வந்த ஆராய்ச்சி மாணவி, சூத்திரங்களை ஒப்பிக்கச் சொல்லவில்லை. பலகையில் செங்குத்தான ஒரு மதகுக் கதவை வரைந்தார். அகலம் 2 மீட்டர், உயரம் 3 மீட்டர். ஒரு பக்கம் கதவின் மேல்விளிம்பு வரை தண்ணீர், மறுபக்கம் வெறும் காற்று.

“தண்ணி எவ்வளவு தள்ளுதுன்னு உங்கள்ல நிறைய பேர் சரியா போட்டுடுவீங்க. எந்த இடத்துல தள்ளுதுங்கறதுலதான் மார்க் போகுது.”

முதல் பாதி எளிதுதான். காற்றழுத்தம் இரு பக்கமும் இருப்பதால் கணக்கில் அடிபட்டுப் போகிறது. தண்ணீரின் அழுத்தம் மேல்மட்டத்தில் சுழியம். ஆழத்தோடு சீராக ஏறும். ஆகவே கதவின் நடுவில், 1.5 மீட்டர் ஆழத்தில் உள்ள அழுத்தமே சராசரி. அதைக் கதவின் 6 சதுர மீட்டர் பரப்பால் பெருக்கினால் சுமார் 88 கிலோநியூட்டன் வருகிறது. 9 டன் எடைக்குச் சமமான தள்ளு அது. பின்னால் நிற்பது ஏரியா, ஒரு சாண் அகல வாய்க்காலா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. ஆழம் மட்டும்தான் பேசும்.

“அக்கா, சராசரியை நடுவுலதானே எடுத்தோம்? அப்போ விசையும் நடுவுலதானே?” என்றான் ஒருவன்.

நியாயமான சந்தேகம். அவர் கதவைக் குறுக்கே இரண்டாகப் பிரித்துக் காட்டினார். மேல்பாதி வாங்குவது 2.25 டன், கீழ்பாதி வாங்குவது 6.75 டன். முக்கால் பங்கு பாரம் கீழே இருக்கும்போது மொத்த விசை நடுவில் நிற்காது. மேலிருந்து 2 மீட்டரில், அதாவது உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கில் நிற்கும். அதுதான் அழுத்த மையம்.

அரை மீட்டர்தானே என்று இதை விட்டுவிட முடியாது. கதவுக்கு மேலே கீல், கீழே தாழ்ப்பாள் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் தள்ளுவதாக நினைப்பவர் 4.5 டன் தாங்கும் தாழ்ப்பாளைப் போடுவார். உண்மையில் அதன்மேல் விழுவது 6 டன். தாழ்ப்பாள் தெறித்துவிடும்.

பிறகு அவர் தண்ணீரை 1 மீட்டர் உயர்த்தினார். விசை 15 டன் ஆகிறது. ஆனால் அழுத்த மையம் கதவின் நடுவுக்கு 0.3 மீட்டர் மட்டுமே கீழே இருக்கிறது. முன்பு அது 0.5 மீட்டர். ஆழம் கூடக் கூட மேலுக்கும் கீழுக்கும் உள்ள அழுத்த விகிதம் குறைவதால், அந்த மையம் நடுவை நெருங்குகிறது. மூன்றில் இரண்டு என்ற விதி, நீர்மட்டம் மேல்விளிம்பைத் தொடும் செவ்வகக் கதவுக்கு மட்டுமே. மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

“விடை வந்ததும் பாருங்க. செவ்வகக் கதவு முழுசா தண்ணிக்குள்ள இருந்தா, உங்க புள்ளி அதோட நடுவுக்கும் மூன்றில் இரண்டுக்கும் நடுவுலதான் விழணும். வெளிய போனா, திரும்பப் போடுங்க.”