ஒரே ஆய்வாளர், இரண்டு ஆர்கிட் எண்கள்

ஆய்வுக் கட்டுரை எழுதுவோரை அடையாளம் காண, ஆளுக்கு ஓர் எண் தரும் அமைப்பு ஆர்கிட். 2012 அக்டோபரில் பதிவு தொடங்கியது. பதினாறு இலக்க எண், நான்கு நான்காகப் பிரித்து எழுதப்படும். பெயர் ஒன்றாக இருக்கும் பல ஆய்வாளர்களைப் பிரித்துக் காட்டுவதே இதன் வேலை. ஆகவே ஒருவருக்கு இரண்டு எண்கள் இருந்தால் அதன் நோக்கமே கெடுகிறது: அவருடைய கட்டுரைகளில் பாதி ஓர் எண்ணின் கீழும் மீதி இன்னோர் எண்ணின் கீழும் சிதறிவிடுகின்றன.

இரண்டாவது எண் பெரும்பாலும் மறதியால்தான் பிறக்கிறது. முனைவர் பட்டத்துக்குப் படிக்கும்போது ஒருவர் பல்கலைக்கழக மின்னஞ்சலில் பதிவு செய்கிறார். படிப்பு முடிந்து கல்லூரி வேலையில் சேர்ந்த பின், ஓர் ஆய்விதழ் கட்டுரையை வாங்கும்போது ஆர்கிட் எண் கேட்கிறது. அவர் ஜிமெயில் முகவரியைக் கொடுக்கிறார். அந்த முகவரி பழைய பதிவில் இல்லாததால், தளம் அவரைப் புதியவராகவே எடுத்துக்கொள்கிறது. அதே பெயரில் வேறு பதிவு இருப்பதாகத் திரையில் எச்சரிக்கை வந்தாலும், கட்டுரையை அனுப்பும் அவசரத்தில் அதை யாரும் நின்று படிப்பதில்லை.

இதைச் சரிசெய்வதை எல்லாரும் 'இணைப்பது' என்றே சொல்கிறார்கள். உண்மையில் அங்கே இணைப்பு நடப்பதில்லை. தளத்தில் உள்ள வசதியின் பெயர் "Remove a duplicate record". நகலாக இருக்கும் பதிவின் கட்டுரைப் பட்டியல், படிப்பு, வேலை விவரங்கள் எல்லாம் அழிந்துபோகும். எதுவும் மற்றப் பதிவுக்குத் தானாக வராது. வந்து சேருவது மின்னஞ்சல் முகவரி மட்டுமே. பழைய எண் அழியாது. அதைத் தேடி வருபவரை வைத்துக்கொண்ட எண்ணுக்குத் திருப்பிவிடும். அச்சான கட்டுரையில் பதிந்துவிட்ட எண்ணை யாரும் சுரண்டி எடுக்க முடியாது என்பதால் இந்தத் திருப்பல் அவசியமாகிறது.

மேலே சொன்ன ஆசிரியரையே எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகப் பதிவில் ஒன்பது கட்டுரைகள், ஜிமெயில் பதிவில் இரண்டு. வெளியான கட்டுரைகளில் அதிகம் அச்சான எண் எதுவோ அதை வைத்துக்கொள்வது நல்லது, இவருக்குப் பழையதே. முதலில் இரு பதிவுகளிலும் நுழைய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கடவுச்சொல் மறந்திருந்தால், அந்தந்த மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பின் மூலம் மாற்றிக்கொள்ளலாம். பல்கலைக்கழக மின்னஞ்சலே மூடப்பட்டிருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆர்கிட் உதவிப் பிரிவுக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுத்து, ஜிமெயில் பதிவில் உள்ள இரண்டு கட்டுரைகளைப் பழையதற்குக் கொண்டுவர வேண்டும். பட்டியலைப் பிப்டெக்ஸ் கோப்பாக இறக்கி அங்கே ஏற்றலாம். ஆனால் அப்படி ஏற்றியவை 'பதிவுதாரரே சேர்த்தது' என்றுதான் காட்டும். கட்டுரையின் டிஓஐ எண் இருந்தால், தளத்திலுள்ள தேடி இணைக்கும் வசதி வழியாகக் கிராஸ்ரெஃப் அமைப்பிலிருந்து சேர்ப்பதே மேல்; மூலம் அந்த அமைப்பு என்று பதிவாகும். ஆய்விதழுக்காகப் பிறர் கட்டுரையை மதிப்பிட்டதற்கான குறிப்புகளை மட்டும் கையால் சேர்க்க முடியாது. அவற்றை நிறுவனங்கள்தான் சேர்க்க முடியும். நகலில் அப்படி ஏதும் இருந்தால், நீக்குவதற்கு முன்பே சம்பந்தப்பட்ட ஆய்விதழிடம் பேசிக்கொள்வது நலம்.

இவை முடிந்த பிறகே நீக்கும் வேலை. வைத்துக்கொள்ளும் பதிவில் நுழைந்து "Account settings" பக்கத்துக்குப் போய், நீக்கவேண்டிய பதிவின் மின்னஞ்சல் அல்லது எண்ணையும் அதன் கடவுச்சொல்லையும் தர வேண்டும். தளம் இரண்டு எண்களையும் காட்டி, எது நீங்கும், எது நிற்கும் என்று சொல்லி உறுதிசெய்யக் கேட்கும். இங்கே நிதானம் வேண்டும். தவறான பதிவில் நுழைந்து செய்தால் ஒன்பது கட்டுரைகள் உள்ளதே போய்விடும். உறுதிசெய்த பின் திரும்பப் பெற வழியில்லை.

பலர் செய்யும் பிழை வேறொன்று. நகலுக்குள் நுழைந்து "Deactivate" என்பதை அழுத்திவிடுகிறார்கள். அது பதிவை மூடி விவரங்களை அழிக்கும். ஆனால் இன்னோர் எண் இருப்பது தளத்துக்குத் தெரியாததால் திருப்பல் அமையாது. நகல் எண்ணைத் தாங்கிய கட்டுரையிலிருந்து வருபவர் வெறும் மூடிய பக்கத்தையே காண்பார். எந்த எண்ணும் வேண்டாம் என்பவருக்குத்தான் அந்த வசதி.

சரியாக நடந்ததா என்று பார்க்க, உலாவியில் orcid.org/ என்பதற்குப் பின் நீக்கிய எண்ணைத் தட்டினால் போதும். வைத்துக்கொண்ட எண்ணுக்கு வழிகாட்ட வேண்டும். ஆய்விதழ்களின் தளங்களிலும் கல்லூரிப் பக்கத்திலும் நீக்கிய எண்ணே பதிவாகியிருக்கலாம். அவற்றில் இணைப்பைத் துண்டித்து, சரியான எண்ணோடு மீண்டும் இணைக்க வேண்டும். கிராஸ்ரெஃப் புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்க நகலில் கொடுத்திருந்த அனுமதியும் அதோடு போய்விடும். வைத்துக்கொண்ட பதிவில் அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.