கெடு வைத்த வரிச்சலுகை ஏன் முடிவதில்லை?

அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2001-ல் கொண்டுவந்த வரிக்குறைப்புச் சட்டத்தின் இறுதியில் ஒரு பிரிவு, அந்தச் சட்டத்துக்கே கெடு வைத்திருந்தது. 2010 டிசம்பர் 31-க்குப் பிறகு எல்லா வரியும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இப்படித் தானாகவே காலாவதியாகும் ஏற்பாட்டுக்கு ‘சன்செட் கிளாஸ்’ என்று பெயர்.

சலுகை பலன் தருகிறதா என்று பத்து ஆண்டு பார்ப்பதற்காக வைத்த கெடு அல்ல அது. அமெரிக்க செனட்டில் விவாதத்தை முடித்து ஒரு மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர, பொதுவாக 60 பேரின் ஆதரவு வேண்டும். பட்ஜெட்டுக்கென உள்ள தனி நடைமுறையில் போனால் சாதாரணப் பெரும்பான்மையே போதும். ஆனால் அந்த வழியில் ‘பேர்ட் விதி’ குறுக்கே நிற்கும்: பட்ஜெட் கணக்கிடும் காலத்துக்கு அப்பால் பற்றாக்குறையைக் கூட்டக் கூடாது. புஷ்ஷின் சட்டத்துக்குக் கிடைத்தவை 58 வாக்குகள். எனவே நிரந்தரமாக வேண்டியதைத் தற்காலிகம் என்று எழுதினார்கள்.

கெடு நெருங்கியபோது நிலைமை மாறிவிட்டது. குழந்தைக்கு 500 டாலராக இருந்த வரிக்கழிவு அதற்குள் 1,000 டாலராகியிருந்தது. நாடாளுமன்றம் சும்மா இருந்தாலே, இரண்டு குழந்தைகள் உள்ள குடும்பம் ஆண்டுக்கு 1,000 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டிவரும். இது சட்டப்படி பழைய நிலைக்குத் திரும்புவதுதான். வீட்டில் கணக்குப் பார்ப்பவருக்கோ அது வரி உயர்வு. அந்தப் பழியை ஏற்க எந்தக் கட்சியும் முன்வரவில்லை. ஒபாமா 2010-ல் இரண்டு ஆண்டு நீட்டிப்பில் கையெழுத்திட்டார். 2013 ஜனவரியில் பெரும்பகுதி நிரந்தரமானது; 4 லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ள தனிநபர்களுக்கும் 4.5 லட்சத்துக்கு மேல் உள்ள தம்பதியருக்கும் மட்டும் உச்ச விகிதம் பழைய 39.6 சதவீதத்துக்குத் திரும்பியது.

இந்த 2013 சட்டத்தை இரண்டு விதமாகக் கணக்கிடலாம். சலுகைகள் சட்டப்படி முடிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், பத்து ஆண்டில் பற்றாக்குறை சுமார் 4 லட்சம் கோடி டாலர் கூடுகிறது. சலுகைகள் எப்படியும் தொடர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதே சட்டம் அரசுக்கு 60,000 கோடி டாலருக்கு மேல் வரவு தருகிறது. சலுகை நிலைத்துப்போவதற்கு முக்கியக் காரணம் இந்த இரண்டாவது கணக்குதான் என்பது என் கருத்து. கொடுக்கும்போது, கெடு இருப்பதால் செலவு குறைவாகத் தெரிகிறது. நீட்டிக்கும்போது, ஏற்கெனவே இருப்பதுதானே என்று செலவே கணக்கில் வராமல் போகிறது. முழு விலையைச் சொல்ல வேண்டிய நாள் வருவதே இல்லை.

டிரம்ப்பின் 2017 சட்டமும் இதே வழியில் வந்தது. நிறுவன வரி விகிதக் குறைப்பு தொடக்கத்திலேயே நிரந்தரம்; தனிநபர் சலுகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 2025 இறுதி கெடு. கெடு முடியும் முன்பே, 2025 ஜூலையில், அவையும் பெரும்பாலும் நிரந்தரமாயின. இம்முறை செனட் அந்த இரண்டாவது கணக்கு முறையையே கையில் எடுத்தது. டிப்ஸுக்கும் ஓவர்டைம் ஊதியத்துக்கும் புதிய வரிக்கழிவுகளைக் கொடுத்ததும் அதே சட்டம்தான். அவற்றுக்குக் கெடு 2028 இறுதி. அது அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டு.