பெரியப்பாவுக்கு வந்த ஆறு இலக்க எண்

என் பெரியப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் சிறிய பி.எஃப். பென்ஷன் வருகிறது. வேலையை விட்டபோது கிடைத்த பணத்தில் மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தையும் அதே பேங்க் கணக்கில்தான் வைத்திருந்தார். இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதக் காலையில், அதில் 49,998 ரூபாய் ஆறே நிமிடத்தில் போனது.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவன் என்பதால் முதல் போன் எனக்குத்தான் வந்தது. அன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது.

அழைப்பு எப்படி வந்தது?

காலை பதினொரு மணி. வீட்டில் பெரியப்பா மட்டும். போனில் பேசியவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினான். "சார், வேலூர் பி.எஃப். ஆபீஸிலிருந்து பேசுறேன். உங்க லைஃப் சர்டிபிகேட் இன்னும் வரலை. இன்னிக்குள்ள அப்டேட் பண்ணலேன்னா அடுத்த மாசப் பென்ஷன் நின்னுடும்" என்றான். பெரியப்பாவின் பெயர், வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இரண்டையும் சரியாகச் சொன்னான். அதனால் நம்பிக்கை வந்துவிட்டது.

"பென்ஷன் போற கணக்கைச் சரிபார்க்கணும், ஏ.டி.எம். கார்டை எடுத்து வெச்சுக்குங்க" என்றான். கார்டின் முன்புறம் உள்ள 16 இலக்க எண், காலாவதி மாதம், பின்புறம் உள்ள மூன்று இலக்க எண் எல்லாவற்றையும் பெரியப்பா வாசித்தார். பிறகு, "இப்ப உங்க மொபைலுக்கு ஆறு நம்பர் வரும். அதை மட்டும் படிங்க, மத்ததெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், விட்டுடுங்க" என்றான். பெரியப்பா படித்தார். "சார், நம்பர் சரியா சேரலை, இன்னொண்ணு வரும்" என்றான். அதையும் படித்தார்.

மூன்றாவது எண் வந்தபோது பேத்தி டியூஷன் முடிந்து உள்ளே வந்தாள். பத்தாம் வகுப்புப் படிப்பவள். தாத்தா கையிலிருந்த மொபைலை வாங்கி, எண்ணை மட்டுமல்ல, முழுச் செய்தியையும் சத்தமாகப் படித்தாள். அது ஏறக்குறைய இப்படி இருந்தது.

```
482913 is OTP for online txn of Rs.24,999.00
on card ending 7316. Valid for 5 mins.
Do not share OTP with anyone.
```

"தாத்தா, இதுல 24,999 ரூபாய்னு போட்டிருக்கே?" என்றாள். போன் உடனே கட் ஆனது.

இரண்டு சாவிப் பூட்டு

ஓ.டி.பி. என்பது ஒரே ஒரு முறை மட்டும் செல்லுபடியாகும் பாஸ்வேர்ட். பேங்க் லாக்கரை நினைத்துக் கொள்ளுங்கள். அதற்கு இரண்டு சாவிகள். ஒன்று பேங்கிடம், மற்றொன்று நம்மிடம். இரண்டும் சேர்ந்தால்தான் லாக்கர் திறக்கும். இண்டர்நெட்டில் கார்டு மூலம் பணம் செலுத்துவதும் இப்படித்தான். கார்டு எண்ணும் அதிலுள்ள மற்ற விவரங்களும் ஒரு சாவி. கார்டு எண் மட்டும் திருடு போனால் பணம் போய்விடக் கூடாது என்று, இன்னொரு சாவியும் கட்டாயம் வேண்டும் என ரிசர்வ் வங்கி 2009-ல் கொண்டு வந்தது. அந்த இரண்டாவது சாவிதான் நம் மொபைலுக்கு வரும் ஆறு இலக்க எண்.

போனில் பேசியவனிடம் முதல் சாவி வந்துவிட்டது. அவன் எதிரே கம்ப்யூட்டரில் பணம் செலுத்தும் பக்கம் திறந்திருக்கிறது. ஓ.டி.பி. கேட்கும் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்த எண்ணுக்கு ஆயுள் சில நிமிடங்கள்தான். அதற்குள் நம் வாயிலிருந்து அதை வாங்க வேண்டும். "சீக்கிரம் சார், இன்னிக்கே கடைசி" என்று அவசரப்படுத்துவதற்குக் காரணம் இதுதான். அவசரம் அவனுக்குத்தான், நமக்கு இல்லை.

எனவே போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு டீ போட்டுக் குடியுங்கள். குடித்து முடிப்பதற்குள் அந்த எண் செத்துவிடும். எண்ணைச் சொல்லாத வரை, அழைப்பை எடுத்ததாலோ, பேசியதாலோ பணம் போகாது. ஆனால் கார்டு விவரங்களை ஏற்கெனவே சொல்லியிருந்தால், அந்தக் கார்டை முடக்கிவிட்டுப் புதியது வாங்கிக் கொள்ளுங்கள்.

எந்த எண்ணைச் சொல்லலாம்?

"யாரிடமும் ஓ.டி.பி. சொல்லாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் பெரியவர்கள் குழம்புவார்கள். ஏனென்றால் சில இடங்களில் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் ஒரு எண் கேட்கிறார். லைஃப் சர்டிபிகேட்டுக்காக இ-சேவை மையத்துக்குப் போனால் அங்கேயும் மொபைலுக்கு ஓர் எண் வருகிறது. பெரியப்பாவும் என்னிடம் இதைத்தான் கேட்டார். "போன வருஷம் சென்டர்ல சொன்னேனேப்பா, அதே மாதிரிதான்னு நினைச்சேன்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வித்தியாசம் இதுதான். சென்டருக்கு அவர் தேடிப் போனார். எதிரே ஆள் உட்கார்ந்திருந்தார். வந்த செய்தியில் ரூபாய் என்ற பேச்சே இல்லை. சிலிண்டரும் அப்படியே, வீட்டு வாசலில் பொருள் வந்து இறங்கிய பிறகுதான் எண்ணைச் சொல்கிறோம். போனில் வந்தவனோ தானாகத் தேடி வந்தவன். ஆளையும் பார்க்கவில்லை, பொருளும் வரவில்லை. செய்தியில் Rs. என்று தொகை இருந்தது.

ஆகவே இரண்டு சோதனைகள் போதும். அவர் நம்மைத் தேடி போன் செய்தாரா? அப்படியென்றால் எந்த எண்ணும் கிடையாது. செய்தியில் Rs., txn, debit, login ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், நாமே பணம் செலுத்தவோ, நம் கணக்கைத் திறக்கவோ முயன்றால் ஒழிய அது நமக்கான வேலை அல்ல. அப்போதும் அந்த எண்ணை நாமே டைப் செய்ய வேண்டும். நமக்குப் பணம் வந்து சேர ஓ.டி.பி. தேவையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள்.

பென்ஷன் பயத்தையும் தீர்த்து விடலாம். பி.எஃப். பென்ஷன்தாரர்கள் லைஃப் சர்டிபிகேட்டை நவம்பரில்தான் தர வேண்டும் என்பதில்லை. எந்த மாதமும் தரலாம், தந்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். பேங்க் கிளை, தபால் அலுவலகம், இ-சேவை மையம், பி.எஃப். அலுவலகம் எங்கேயும் தரலாம். போனில் பேசித் தர முடியாது.

இப்போது எண்ணைக் கேட்காமலேயே எடுக்கும் முறையும் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் பேங்க் பெயரிலோ, கல்யாணப் பத்திரிகை போலவோ .apk என்று முடியும் ஒரு ஃபைல் வரும். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்தால், மொபைலுக்கு வரும் எஸ்.எம்.எஸ். எல்லாம் அவனுக்கும் போய்விடும். .apk என்று பார்த்தால் தொடாமல் அழித்து விடுங்கள்.

பணம் போன பிறகு

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. முதலில் கார்டின் பின்புறம் அச்சிட்டிருந்த பேங்க் எண்ணுக்குப் பேசிக் கார்டை முடக்கினோம். அடுத்து 1930. இது பணமோசடிகளுக்கான நாடு தழுவிய உதவி எண். எந்த ஊரிலிருந்தும் கூப்பிடலாம். பேங்க் பெயர், கணக்கு எண், ஒவ்வொரு தொகை, நேரம், எஸ்.எம்.எஸ்.-ல் உள்ள பரிவர்த்தனை எண், மோசடிக்காரன் பேசிய மொபைல் எண் ஆகியவற்றைக் கேட்டார்கள். இங்கே கார்டு ரகசியமோ ஓ.டி.பி.யோ கேட்கவில்லை. புகார் எண் எஸ்.எம்.எஸ்.-ல் வந்தது. அன்றே cybercrime.gov.in தளத்தில் புகாரை முழுமையாகப் பதிந்தோம்.

இதில் நேரம்தான் முக்கியம். புகார் பதிந்ததும் தகவல் நம் பேங்குக்குப் போகிறது. பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயும் செய்தி போய், பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைக்கிறார்கள். அங்கிருந்தும் நகர்ந்திருந்தால் அடுத்த கணக்கைத் தேடுகிறார்கள். ரொக்கமாக எடுத்துவிட்டாலோ, பொருள் வாங்கிவிட்டாலோ நிறுத்துவதற்கு ஒன்றும் இருக்காது.

பெரியப்பா விஷயத்தில் அப்படித்தான் ஆனது. முதல் 24,999 ரூபாய்க்குப் பரிசு வவுச்சர் வாங்கிச் செலவழித்து விட்டார்கள். இரண்டாவது தொகை ஒரு வாலட்டில் இருந்தது, அது நிறுத்தப்பட்டது. சில மாதங்கள் அலைந்த பிறகு அந்தப் பாதி திரும்பி வந்தது. மற்றப் பாதியை பேங்க் தரவில்லை. அப்போது நடைமுறையில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் தேதி விதிப்படி, வாடிக்கையாளரே ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தால், பேங்குக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு ஏற்படுவது பேங்கினுடையது. வெட்கப்பட்டுக் கொண்டு மாலை வரை சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாதியும் போயிருக்கும். பேத்தி தாத்தாவைத் திட்டாமல் உடனே எனக்குப் போன் செய்தாள். அதனால்தான் பாதியாவது மிஞ்சியது.

போனுக்குப் பக்கத்தில் ஒரு தாள்

புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? வேர்டைத் திறந்து, கீழே உள்ள வரிகளை டைப் செய்யுங்கள். எழுத்தின் அளவை 28 ஆக வைத்து ஒரு பிரிண்ட் எடுத்து, பெரியவர்கள் போன் வைக்கும் இடத்தில் ஒட்டி விடுங்கள். எங்கள் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் பெரியவர்கள் உருதுதான் படிப்பார்கள். அவர்களுக்கு உருதுவில் ஒன்று எழுதி வாங்குங்கள்.

போனில் யார் கேட்டாலும் நம்பர் சொல்ல வேண்டாம்.
பென்ஷன் போன் பேச்சால் நிற்காது.
அவசரம் என்றால் போனை வைத்துவிடலாம். தப்பில்லை.
நம்பர் சொல்லிவிட்டால் உடனே 1930. பிறகு எனக்கு. திட்ட மாட்டேன்.

கடைசி வரியின் கீழே உங்கள் பெயரையும் மொபைல் எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். பெரியப்பா வீட்டில் அந்தத் தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. போன மாதம் ஒருவன் "உங்க பழைய பணத்தை மீட்டுத் தர்றோம், ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று பேசினானாம். ஒரு முறை ஏமாந்தவர்களை மறுபடியும் தேடி வருவது இவர்கள் வழக்கம். "சுவத்துல எழுதியிருக்குப்பா, சொல்லக் கூடாதுன்னு" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போனை வைத்துவிட்டார்.