அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் என்ன பேசுவது?

மரக்காணத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தோழி உப்பளத்தில் உப்பு வாருபவர், வயது 40. மருத்துவ முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் 1.4 என்று வந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். "ஒண்ணும் இருக்காதுக்கான்னு தினமும் சொல்றேன். சொல்லச் சொல்ல அவங்க முகம்தான் வாடுது. வேற என்னதான் சொல்றது?" என்று கேட்கிறார்.

உப்பளத்துக்காரர்களின் பயம் வெறும் கற்பனை இல்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டு உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. வெயில் ஒரு பக்கம்; வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரையே குறைத்துக் குடிப்பது இன்னொரு பக்கம். 'உப்பளத்தில் வேலை செய்தால் கிட்னி போச்சு' என்று பேசுபவர்கள், நூற்றில் மீதி 93 பேரைச் சொல்வதில்லை. அந்த 7 பேரையும் ஒருமுறை எடுத்த ரத்தத்தை மட்டும் வைத்து நிரந்தர நோயாளி என்று சொல்லிவிட முடியாது.

ஏன் முடியாது என்பதில்தான் வாசகிக்கான விடையின் பாதி இருக்கிறது. கிரியாட்டினின் என்பது தசைகள் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியே தள்ளும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி அனுப்புகிறது. வடிகட்டல் பாதியானால், ரத்தத்தில் அதன் அளவு நாளடைவில் இரட்டிப்பாகிவிடும். இதை வாசகியின் தோழிக்குப் பாத்தியை வைத்தே சொல்லலாம். பாத்திக்குள் யாரும் உப்பைக் கொட்டுவதில்லை. அடர்த்தி சுமார் 3 டிகிரியில் ஏறும் கடல்நீர் வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு விழுகிறது. டிகிரி ஏறியது உப்பு கூடியதால் அல்ல, நீர் போனதால். வெயிலில் வேர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த உடம்பிலும் கிரியாட்டினின் இப்படி ஏறலாம். பாத்தியில் விடிய விடிய மழை பெய்தால் டிகிரி இறங்கிவிடுவதைப் போல, இரண்டு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் இந்த எண்ணும் இறங்கலாம். இதற்கு மேல் இந்த உவமை தாங்காது. ரத்தம் வெறுமனே கெட்டியாவதல்ல முக்கியக் காரணம். உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமே குறைகிறது, அதனால் வடிகட்டலும் மந்தமாகிறது. பாத்தி எத்தனை முறை வற்றினாலும் கெடாது. சிறுநீரகம் அடிக்கடி வற்றினால் கெட்டுப்போகலாம்.

1.4 என்ற எண்ணை இன்று வழக்கிலுள்ள சூத்திரத்தில் போட்டால், 40 வயதுப் பெண்ணுக்கு வடிகட்டும் திறன் ஏறக்குறைய 49 என்று வரும். 60-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். ஆனால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைக்க, அந்தக் குறை 3 மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பது, எண் வேகமாக ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்று அறியத்தான். முதல் நாள் இரவு நிறையக் கறி சாப்பிட்டிருந்தாலும் எண் சற்று ஏறும். தசை வற்றி மெலிந்தவருக்கு உள்ளபடியே சிறுநீரகம் பழுதாகியிருந்தாலும் எண் குறைவாகவே காட்டி ஏமாற்றும்.



'ஒண்ணும் இருக்காது' ஏன் பலிக்கவில்லை என்பது விடையின் மறுபாதி. 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்தார்கள். திரையில் ஒரு பாறை வரும். அதன் அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி ஒரு மின்னதிர்ச்சி. அந்த நேரம் முழுக்க வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். அதிர்ச்சி கட்டாயம் வரும் என்று தெரிந்த நேரத்தைவிட, வருமா வராதா என்று சரிபாதியில் நின்ற நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. நொடிக்கணக்கில் முடியும் மின்னதிர்ச்சியும் வாரக்கணக்கில் நீளும் காத்திருப்பும் ஒன்றல்லதான். ஆனாலும் தெரியாமைதான் வதைக்கிறது என்பது இதில் துலக்கமாகத் தெரிகிறது. 'ஒண்ணும் இருக்காது' என்ற பேச்சு அந்தத் தெரியாமையில் ஒரு துளியையும் குறைப்பதில்லை. சொல்கிற உங்களுக்கும் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். கூடவே, பயத்தைச் சொல்ல வந்தவரின் வாயையும் அது அடைத்துவிடுகிறது. நாளைக்கு எண் மோசமாக வந்தால், அவர் உங்களிடம் சொல்லவே தயங்குவார்.

ஆகவே தெரியாததைத் தெரியாது என்றே சொல்லிவிட்டு, தெரியக்கூடியவற்றைத் தெளிவாக்குங்கள். "என்ன வரும்னு எனக்கும் தெரியலக்கா. ஆனா இந்த ஒரு நம்பர வச்சு டாக்டரே முடிவு பண்ணல, அதான் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கு நானும் வரேன், ரெண்டு பேரும் காலைல மொத பஸ்ல போயிடலாம்." இதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த நாள், யார் கூட வருவது, எந்த பஸ் என்ற சின்னச் சின்னக் கேள்விகளாவது தீர்ந்துவிடுகின்றன.

பிறகு, "உனக்கு எத நெனச்சாக்கா பயம்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. டயாலிசிஸ் என்றால், 49 அந்தக் கட்டத்திலிருந்து வெகு தொலைவு. பொதுவாக 15-க்கும் கீழே போன பிறகுதான் அந்தப் பேச்சே எழும் என்று தைரியமாகச் சொல்லலாம். செலவு என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்கும் இடம் உண்டு. அட்டை எடுத்திருக்கிறாரா என்று கூட உட்கார்ந்து பார்க்கலாம். கூலி போய்விடுமே என்பதாக இருந்தால் அதற்கு ஆறுதல் வார்த்தை கிடையாது. அன்றைக்கு அவர் வேலையை யார் பார்ப்பது என்று பேசி முடிக்கத்தான் வேண்டும்.

'நல்லதையே நினை' என்ற அறிவுரையையும் விட்டுவிடலாம். கலிபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், வழக்கறிஞர் தேர்வின் முடிவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பட்டதாரிகளைத் தொடர்ந்து கவனித்தார். மனதைத் தேற்றிக்கொள்ளச் செய்த முயற்சிகள் அவர்களின் தவிப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. கவலைப்படுவதற்கே தோழி குற்றவுணர்வு கொள்ளும்படி செய்யாதீர்கள்.

இரண்டு வாரத்துக்குள் செய்யக்கூடிய வேலையும் உண்டு. உடம்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை நிறுத்தவேண்டுமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அவை மேலும் குறைக்கும். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய நாள் வெயிலில் இறங்காமல் தண்ணீர் குடித்திருக்கட்டும். சிறுநீரில் ஆல்புமின் பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள், கிரியாட்டினின் தவறவிடுவதை அது காட்டிக்கொடுக்கும். நடுவில் சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ இரண்டு வாரக் கணக்கையெல்லாம் பார்க்க வேண்டாம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.