அடகு இல்லாத கடன் திரும்பி வருவது எப்படி? ஐவர் குழுவின் கணக்கு

வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சீட்டும் உத்தரவாதமும் வேண்டும். வீட்டில் பலகாரம் செய்து விற்கும் ஒரு பெண்ணிடம் இவை இரண்டும் இருப்பதில்லை. இத்தகையோருக்காகப் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமீன் வங்கியாக உருவெடுத்தது. அதை முன்மாதிரியாகக் கொண்டு மலேசியாவில் 1987இல் அமானா இக்தியார் மலேசியா அமைக்கப்பட்டது.

கிராமீனின் தொடக்ககால முறையில், ஐந்து பெண்கள் தாங்களே ஒரு குழுவாகச் சேர வேண்டும். யார் நாணயமானவர், யாருக்கு ஏற்கெனவே கடன் இருக்கிறது என்பது வங்கி அதிகாரிக்குத் தெரியாது; அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும். ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்களுக்கும் அடுத்த கடன் கிடைக்காது என்பதால், நம்பிக்கை இல்லாதவரை யாரும் சேர்த்துக்கொள்வதில்லை. பணமும் ஒரே நாளில் ஐவருக்கும் கிடைக்காது. முதலில் இருவர், அவர்கள் சில வாரங்கள் ஒழுங்காகக் கட்டிய பிறகு அடுத்த இருவர், கடைசியில் குழுத் தலைவி என்பதே வரிசை.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஐவரும் தலா 2,000 ரிங்கிட் கடன் பெறுகின்றனர். சேவைக் கட்டணம் 200 ரிங்கிட் எனக் கொண்டால், 50 வாரங்களுக்கு வாரம் 44 ரிங்கிட் கட்ட வேண்டும். ஒருவர் நோயுற்று ஒரு வாரம் கட்டாவிட்டால் மற்ற நால்வர் தலா 11 ரிங்கிட் கூடுதலாகப் போட்டால் போதும். அடுத்த கடனைக் காப்பாற்ற அது சிறிய விலைதான்.

ஆனால், மூவர் கட்டாமல் போனால் கதை மாறுகிறது. எஞ்சிய இருவரும் தங்கள் 44 ரிங்கிட்டுடன் மேலும் 66 ரிங்கிட், ஆக 110 ரிங்கிட் கட்ட வேண்டும். தன் கடனை மட்டும் என்றால் கட்டியிருக்கக்கூடியவரும் இப்போது கைவிரித்துவிடுவார். வெள்ளம் போன்ற பேரிடர் எல்லாருடைய வருமானத்தையும் ஒருசேரப் பாதிக்கும்போது கூட்டுப் பொறுப்பு இப்படித்தான் உடைகிறது.

அப்படியானால் கடன் திரும்பி வருவதற்குக் கூட்டுப் பொறுப்பு மட்டுமே காரணமா? பிலிப்பீன்ஸில் பொருளியல் ஆய்வாளர்கள் சேவியர் ஜீனே, டீன் கார்லன் இருவரும் இதைச் சோதித்தனர். ஒரு வங்கியின் சில கடன் மையங்களில் கூட்டுப் பொறுப்பை நீக்கிவிட்டு, வாராந்திரக் கூட்டத்தை மட்டும் தொடர்ந்தனர். மூன்றாண்டுகளுக்குப் பிறகும் கடன் தவறியோர் எண்ணிக்கை கூடவில்லை. எல்லார் முன்னிலையிலும் சிறு தவணையாகக் கட்டுவதும், அடுத்த கடன் பற்றிய எதிர்பார்ப்புமே பெரும் வேலையைச் செய்திருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

ஆகவே, குழுவில் சேர நினைப்போர் தவணைத் தொகையை மட்டும் பார்க்கக் கூடாது. இருவர் தவறினால் மற்ற மூவரும் தலா சுமார் 29 ரிங்கிட் கூடுதலாகக் கட்ட நேரிடும். அது கைக்கு எட்டுமா என்று முன்னரே கணக்குப் பார்ப்பது நல்லது. கூட்டத்திற்கு வராமல் பணத்தை மட்டும் கொடுத்தனுப்புவதும், தவணை கட்ட ஆலோங்கிடம் கைநீட்டுவதும் குழு தடுமாறத் தொடங்கியதற்கான அறிகுறிகள்.