உங்களுக்குத் தெரியுமா? லண்டன் போகும் கல்லூரிக் கட்டணம்

மதுரையிலோ கோவையிலோ வங்கியில் கையெழுத்துப் போட்டு, பிள்ளை சேரப்போகும் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் கட்டும் பவுண்டு, இங்கிருந்து புறப்படுவதே இல்லை! அது ஏற்கெனவே லண்டனில்தான் இருக்கிறது. நம் வங்கிகள் அங்குள்ள ஏதாவது ஒரு வங்கியில் பவுண்டுக் கணக்கு வைத்திருக்கும். அதற்கு ‘நாஸ்ட்ரோ கணக்கு’ என்று பெயர். இங்கே உங்கள் கணக்கில் ரூபாயைப் பிடித்துக்கொண்டு, ‘எங்கள் கணக்கிலிருந்து இவ்வளவு பவுண்டை இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள்’ என்று அங்கே தகவல் அனுப்புவார்கள். அந்தத் தகவலைச் சுமந்து போவது 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட ஸ்விஃப்ட் அமைப்பு. அது தகவலை மட்டும்தான் கொண்டுபோகும்; பணத்தைத் தொடாது. பணத்தைத் தொடுவது வழியில் இருக்கும் வங்கிகள். தொடுகிற ஒவ்வொருவரும் கூலி எடுக்கலாம் என்பதில்தான் பெற்றோருக்கு வருகிற சிக்கல் தொடங்குகிறது.

★

அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதை முடிவு செய்வது, பணம் அனுப்பும் விண்ணப்பத்தில் உள்ள ஒரு சின்னக் கட்டம். OUR, SHA, BEN என்று மூன்று எழுத்துச் சொற்கள் மூன்று இருக்கும். OUR என்றால் எல்லாச் செலவும் அனுப்புகிறவருடையது. SHA என்றால் நம் வங்கியின் கட்டணம் மட்டும் நம்முடையது, மற்றதை வழியிலேயே கழித்துக்கொள்வார்கள். BEN என்றால் முழுச் செலவும் அனுப்பிய தொகையிலிருந்தே போகும். நீங்கள் எதையும் குறிக்காமல் விட்டால் பல இடங்களில் SHA என்றே போய்விடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பணம் 4,000 பவுண்டு. SHA என்று போகிறது. இடையில் உள்ள வங்கி 10 பவுண்டு எடுக்கிறது, பல்கலைக்கழகத்தின் வங்கி 6 பவுண்டு எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்வது 3,984. பல்கலைக்கழகத்தின் கணினிக்கு இது ‘முன்பணம் கட்டியாயிற்று’ அல்ல; ‘16 பவுண்டு பாக்கி’. மாணவர் விசாவுக்கு வேண்டிய ‘காஸ்’ என்ற சேர்க்கை உறுதி எண், முன்பணம் முழுதாக வந்த பிறகே பல இடங்களில் கிடைக்கும். பதினாறு பவுண்டுக்காக அந்த எண் நிற்கும். மாணவர் எவ்வளவு கட்டணம் கட்டியிருக்கிறார் என்பதும் காஸில் பதிவாகும். அங்கே குறைவாகப் பதிவானால், விசாவுக்கு வங்கியில் காட்ட வேண்டிய இருப்பு அந்த அளவுக்குக் கூடும்.

அந்தப் பதினாறு பவுண்டை மறுபடி வங்கி வழியே அனுப்பாதீர்கள். கமிஷன் மறுபடி போகும், வழியில் மறுபடி கழிப்பார்கள், பாக்கி திரும்பவும் பாக்கியாகவே நிற்கும். பல்கலைக்கழகத்தின் மாணவர் பக்கத்தில் கார்டில் கட்ட வழியிருந்தால், சில்லறைப் பாக்கிக்கு அதுதான் சரி.

★

OUR என்று குறித்துவிட்டால் மட்டும் போதாது. ‘முழுத் தொகையும் குறையாமல் அவர்கள் கணக்கில் ஏறுமா?’ என்று கவுண்டரில் வாய்விட்டுக் கேளுங்கள். வெளிநாட்டு வங்கிக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை வாங்குவார்கள். அது முதல் வங்கிக்கு மட்டுமா, கடைசி வரைக்குமா என்பதுதான் கேள்வி.

★

இன்னொரு செலவு எந்த ரசீதிலும் ‘கட்டணம்’ என்ற பெயரில் வராது. வங்கி உங்களுக்குப் பவுண்டு விற்கும் விலை, ‘டி.டி. செல்லிங்’ விலை. கைபேசியில் தெரியும் சந்தை விலையைவிட அது ஒரு பவுண்டுக்கு ஒரே ஒரு ரூபாய் கூடினாலும், 4,000 பவுண்டுக்கு 4,000 ரூபாய். அனுப்பும் கமிஷனில் நூறு இருநூறு குறைக்கச் சொல்லிப் பேசுவதைவிட, இந்த விலையில் பேசுவதே பயன்.

★

இங்கிலாந்தின் ஐபேன் எண் 22 எழுத்துகள் கொண்டது. முதலில் GB, அடுத்து இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள், பிறகு வங்கியைக் குறிக்கும் நான்கு எழுத்துகள், ஆறு இலக்கக் கிளை எண், கடைசியில் எட்டு இலக்கக் கணக்கு எண். கட்டண விவரத் தாளில் கிளை எண்ணும் கணக்கு எண்ணும் தனியாகவும் அச்சாகியிருக்கும். அந்தப் பதினான்கு இலக்கங்களும் ஐபேனின் வாலில் அப்படியே இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு இலக்கம் தவறினால் சரிபார்ப்பு இலக்கங்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் வேறொருவரின் சரியான ஐபேனை எழுதினால் அவை மௌனமாக இருந்துவிடும். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால் நம்பவே வேண்டாம். மாணவர் பக்கத்துக்குள் நுழைந்து பார்த்த எண்தான் எண்.

★

பணம் வந்துவிட்டது, ஆனால் யாருடையது என்று தெரியவில்லை. இப்படியும் நடக்கும், அதுவும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. அனுப்புகிறவர் அப்பா, தகவலில் போவது ‘S MURUGAN’. பல்கலைக்கழகப் பதிவில் இருப்பது மகள் கயல்விழி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அங்குள்ள கணக்குப் பிரிவுக்கு வழியே இல்லை. அதனால்தான் ‘செலுத்தும் விவரம்’ என்ற இடத்தில் மாணவர் எண் முதலில் வர வேண்டும்:

```
ID 21804567 KAYALVIZHI M
TUITION DEPOSIT SEP 2026
```

இங்கே வரிக்கு 35 எழுத்து, நான்கு வரி என்பது பழைய அளவு, மொத்தம் 140. மாணவர் எண்ணில் `&`, `#`, `_` போன்ற குறிகள் இருந்தால் பழைய முறை அவற்றை ஏற்காது. எழுத்தும் எண்ணும் இடைவெளியும் மட்டும் போதும். ஏ2 படிவத்தில் கேட்கும் நோக்கக் குறியீடு வேறு சங்கதி. வெளிநாடு சென்று படிக்கக் கட்டும் கட்டணத்துக்கு அது `S0305`. அது நம் ரிசர்வ் வங்கிக்காக. மாணவர் எண்ணுக்குப் பதிலாக ஆகாது.

★

செயலியில் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று வந்த படத்தைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அது உங்கள் கணக்கில் ரூபாய் குறைந்ததற்கு மட்டுமே சாட்சி. கேட்டு வாங்க வேண்டியது ‘ஸ்விஃப்ட் காப்பி’. முன்பு அது `MT103` என்ற தலைப்போடு வரும். 2025 நவம்பரோடு நாடு தாண்டும் பணத் தகவல்கள் `pacs.008` என்ற புது வடிவத்துக்கு மாறியதால் தாளின் தோற்றம் மாறியிருக்கலாம். அதில் `DEBT` என்றிருந்தால் பழைய OUR, `SHAR` என்றிருந்தால் SHA. விண்ணப்பத்தில் ஒன்றைக் குறித்து, போனது வேறாக இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அதே தாளில் `UETR` என்று ஒரு நீள எண் இருக்கும்:

```
3f2b9c1e-7d40-4a6b-9e15-0c8d7a52b6f1
```

கோடுகளோடு சேர்த்து 36 எழுத்துகள்; மூன்றாவது கொத்து எப்போதும் 4இல் தொடங்கும். வழியில் எத்தனை வங்கி இருந்தாலும் இந்த எண் மாறாது. பணம் எங்கே நிற்கிறது, எந்த வங்கி எவ்வளவு கழித்தது என்பதை உங்கள் வங்கி இந்த எண்ணைக் கொண்டு தேடிச் சொல்ல முடியும். ‘இன்னும் வரவில்லை’ என்று பல்கலைக்கழகம் எழுதினால், பதிலில் முதல் வரியாக இந்த எண்ணையும், எந்தத் தேதியில் எத்தனை பவுண்டு என்பதையும் எழுதுங்கள்.

★

கடைசித் தேதி என்பது நீங்கள் அனுப்பும் நாள் அல்ல, அவர்கள் கணக்கில் ஏறும் நாள். செப்டம்பர் சேர்க்கைக்காரர்கள் நாள்காட்டியில் இரண்டு நாளை வட்டமிட்டுக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 இங்கே விடுமுறை. ஆகஸ்டின் கடைசித் திங்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. அதற்கு முந்தைய வெள்ளி மாலை இங்கே அனுப்பியது, செவ்வாய்வரை அங்கே யார் கண்ணிலும் படாது.